ஸ்டோரம்மா அரம் தள்ளிய நாள்

பட்டறை வாத்தியார் வாயைத் திறந்தால் லேசில் மூடமாட்டார். எங்கள் தொழிற்பயிற்சி நிலையத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அவர் நடத்திய முதல் வகுப்பு இரண்டு மணி நேரம். அதைப் போனில் பதிவு செய்து என் மேசையில் வைத்தார்.

"ஒரே பக்கம் போதும்மா. கையேட்டுல போடணும். கருவி பேரு, அது எதுக்கு, எப்படிப் பத்திரமா கையாளணும். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும்."

அலுவலகத்தில் தட்டச்சு செய்பவள் நான். எனக்கு உளியும் ஸ்க்ரூடிரைவரும் ஒன்றுதான். பதிவைப் போட்டால் பாதி நேரம் மனுஷன் திட்டிக்கொண்டே இருக்கிறார். "எருமை! அந்தப் பக்கம் என்ன பார்வை?" இதில் எதை வைப்பது, எதை வெட்டுவது? தலையில் அடித்துக்கொண்டு கருவி அறைக்குப் போனேன்.

அங்கே ஜன்னலுக்குப் பின்னால் ஸ்டோரம்மா. பயிற்சி மாணவர் தன் எண் போட்ட வில்லையைக் கொடுத்தால் அதை ஆணியில் மாட்டிவிட்டுக் கருவியைக் கொடுப்பார். கருவி திரும்பினால் வில்லை திரும்பும். பத்தொன்பது வருஷமாக இதே வேலை. அவர் இங்கே முதலில் வந்தது அரமும் உளியும் பிடிக்கிற பிட்டர் பயிற்சிக்கு விண்ணப்பம் கொடுக்க. அன்றைக்குக் கருவி அறைக்கு ஆள் தேவைப்பட்டது. "கைக்கு வந்த வேலையை விடாதே, ஒரு வருஷம் பாரு" என்றாராம் அவர் அப்பா. அந்த ஒரு வருஷம் இன்னும் முடியவில்லை.

பட்டறை நடக்கும் நேரமெல்லாம் ஜன்னலை விட்டு அசைய முடியாது. வாத்தியாரின் வகுப்பை மட்டும் ஒவ்வொரு வருஷமும் அதன் வழியாகக் கேட்டுக் கேட்டு மனப்பாடம்.

பயிற்சி மாணவர்கள் இரண்டு நாள் தேர்வுக்குப் போயிருந்தார்கள், முதல் நாளே நாங்கள் உட்கார்ந்தோம். ஒவ்வொரு கருவியாக மேசையில் வைத்துக் காட்டினார், நான் டைப் அடித்தேன்.

"'உளியின் தலை சரியாக இருக்க வேண்டும்'னு சொல்றாரு. அப்படியே போடட்டுமா?"

"போட்டா எவனுக்குடி புரியும்? அடி வாங்கி வாங்கித் தலை காளான் மாதிரி விரிஞ்சிருந்தா வேலை செய்யாதே, ஸ்டோர்ல திருப்பிக் குடுன்னு போடு. அந்த ஓரம் தெறிச்சுக் கண்ணுல விழும். இங்க தேய்ச்சு சரி பண்ணித் தருவோம்."

சுத்தியலின் பிடி ஆடினால் எடுக்காதே. கோடு கிழிக்கும் ஊசியைச் சட்டைப் பையில் போடாதே. பிடி இல்லாத அரத்தைத் தொடாதே, அதன் கூரான வால் உள்ளங்கையில் ஏறிவிடும். இரும்புத் தூளை வாயால் ஊதாதே, பிரஷ்ஷால் தட்டு. இரண்டு மணி நேரப் பேச்சு மளமளவென்று ஒரே பக்கத்தில் அடங்கியது.

கடைசி வரி: அரத்தை முன்னால் தள்ளும்போது அழுத்து, பின்னால் இழுக்கும்போது அழுத்தாதே, பல் மழுங்கிவிடும்.

"அழுத்தாம இழுக்கறோம்னு கைக்கு எப்படித் தெரியும்க்கா?" என்று சும்மா கேட்டேன்.

ஸ்டோரம்மா அரத்தைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"தெரியாதுடி. நான் தள்ளினதே இல்ல. தினம் நாப்பது அரம் எடுத்துக் குடுக்கறேன். குடுக்கும்போதெல்லாம் ஏக்கமா இருக்கும். என்னை வாத்தியாரு 'வாங்கம்மா, போங்கம்மா'ன்னு மரியாதையாத்தான் பேசுவாரு. அந்தப் பசங்களை எருமைன்னு திட்டுறப்ப எனக்குப் பொறாமையா இருக்கும். சிரிக்காதே."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்தின் அடியில் ஒரு படத்துக்கு இடம் விட்டேன்.

மறுநாள் நாங்கள் இருவரும் எழுதியது என்று சொல்லிப் பக்கத்தை வாத்தியாரிடம் காட்டினேன். "அரம் பிடிக்கிற கையை ஒரு படம் எடுக்கணும் சார். பசங்க யாரும் இல்ல. ஸ்டோரம்மா கையை எடுத்துக்கட்டுமா?"

"தாராளமா. சும்மா பிடிச்சா போதும்."

ஸ்டோரம்மா வளையல்களைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். வாத்தியார் மேசையில் இருந்த வைஸ் பிடிப்பானில் ஒரு இரும்புத் துண்டை இறுக்கினார். பிடி வலது உள்ளங்கையில், கட்டைவிரல் மேலே, இடது உள்ளங்கை அரத்தின் நுனியில். யாரும் சொல்லித் தரவில்லை. எல்லாம் அச்சு அசலாக இருந்தது. படம் எடுத்தேன்.

"ஆச்சு அக்கா."

அவர் கையை எடுக்கவில்லை. தள்ளினார். இரும்பு பளிச்சென்று தெரிந்தது. இழுத்தார், மறுபடி தள்ளினார், மறுபடி இழுத்தார். கிறீச்சென்று ஒரு சத்தம்.

"ஏய் எருமை! பின்னால வரும்போது எதுக்கு அழுத்துற? கையேட்டுக்கு எழுதத் தெரியுது, கையில வரலையா?"

கத்தியபின்தான் யாரிடம் கத்தினோம் என்று அவருக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஐயோ, மன்னிச்சுக்குங்கம்மா. பழக்க தோஷம்."

ஸ்டோரம்மாவின் கண் நிரம்பியிருந்தது. அரத்தை மட்டும் விடவில்லை.

"மன்னிப்பெல்லாம் வேண்டாம் சார். திட்டுங்க."

வாத்தியார் அவரைப் பார்த்தார். பிறகு கருவி அறை ஜன்னலைப் பார்த்தார்.

"இடது காலை முன்னால வை. கை மட்டும் போகக் கூடாது, உடம்பும் சேர்ந்து போகணும். என்ன முழிக்கிற? தள்ளு!"