சைலன்ட்டில் கிடந்த போன்

முத்தையாபுரத்துப் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர் ஜெயசெல்விக்கு வாய் கொஞ்சம் நீளம். எந்த ஆப் எதைக் கேட்டாலும் யோசிக்காமல் சம்மதம் கொடுத்துவிடும் பிள்ளைகளைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அதற்காகத்தான் பிள்ளைகளை வைத்து அந்த வீடியோவை எடுத்தாள். முதல் காட்சியில் பத்தாம் வகுப்பு சண்முகப்ரியா ஒரு டார்ச் ஆப்பை இறக்குவாள். அது கான்டாக்ட்ஸைக் கேட்கும்.

"ஏளா, வெளிச்சம் அடிக்கதுக்கு ஒங்க அத்தை நம்பர் எதுக்குட்டி?" என்பாள் ஜெயசெல்வி.

அடுத்து செய்முறை. தன் போனிலேயே ஸ்கிரீன் ரெக்கார்டிங்கை ஓடவிட்டு, செட்டிங்ஸ், ஆப்ஸ், பெர்மிஷன்ஸ், லொக்கேஷன் என்று தொட்டுக் காட்டினாள். மேப்புக்கு 'பயன்படுத்தும்போது மட்டும்', டார்ச்சுக்கு 'அனுமதிக்காதே'. நடுவில் போன் அலறக்கூடாதென்று சைலன்ட்டில் போட்டிருந்தாள். சைலன்ட் சத்தத்தைத்தான் அடக்கும். மெசேஜ் திரையின் உச்சியில் எட்டிப் பார்ப்பதை நிறுத்த, நோட்டிபிகேஷனையே அணைத்திருக்க வேண்டும். ஊருக்கே பாடம் எடுக்கிற மகராசிக்கு அன்று அது தோன்றவில்லை. பிறகு போட்டுப் பார்த்தபோதும் குரல் தெளிவாக இருக்கிறதா என்றுதான் கவனித்தாள். வீடியோ எல்லா வகுப்பு குரூப்புக்கும் போனது.

உச்சியில் எட்டிப் பார்த்தது தங்கை ஜெஸ்மியின் மெசேஜ். 'யக்கா, ஆலந்தல பிலோமி வீட்லதான் இருக்கேன், பயப்படாத.'

ஜெஸ்மியின் புருஷன் பெவின் மிதித்து அவள் விலா எலும்பை முறித்தபின், அவனுக்குத் தெரியாமல் அவளைக் கடற்கரை ஊரான ஆலந்தலையில் தன் தோழி பிலோமி வீட்டில் ஒளித்து வைத்ததே ஜெயசெல்விதான். பெவினின் அண்ணன் மகள் அதே பள்ளியில் படித்தாள். அவள் போனில் பெவின் அந்த வீடியோவை மெசேஜ் விழுகிற இடத்தில் நிறுத்திப் படித்தான்.

மறுநாள் மதியம் ஆலந்தலையில் கதவு உடைந்தது. "எங்கட்டி ஓடி ஒளியுத?" என்று அரிவாளோடு உள்ளே பாய்ந்தான் பெவின். ஜெஸ்மி கையை உயர்த்தினாள். முதல் வெட்டில் இரண்டு விரல் தரையில் விழுந்தது, அடுத்தது தோளைப் பிளந்தது. கூடத்து ரத்தத்தில் வழுக்கி அவன் மண்டியிட்டபோது, பிலோமி துடுப்பை எடுத்து அவன் மண்டையில் இறக்கினாள். அவன் சாய்ந்த பிறகும் அவள் கை ஓயவில்லை. கடற்கரையிலிருந்து ஓடிவந்தவர்கள் அவளைப் பிடித்து இழுத்த பிறகுதான் அவனுக்கு உயிர் மிஞ்சியது. போலீஸ் அவனைத் தூக்கித்தான் ஜீப்பில் ஏற்றியது.

தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் ஜெஸ்மி கண் விழித்தாள். கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள், பிறகு அக்காவைப் பார்த்தாள்.

"யக்கா, நான் அங்க இருக்கது ஒனக்கும் பிலோமிக்கும்தான தெரியும். அவன் எப்படி வந்தான்?"

ஜெயசெல்வி போனை எடுத்து வீடியோவை ஓடவிட்டு, மெசேஜ் விழுகிற இடம் வரும்வரை தங்கையின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பிள்ளைகளா, நீங்க எங்க இருக்கீங்கன்னு கண்டவனுக்கும் காட்டாதீங்க" என்றது போனுக்குள்ளிருந்து அவள் குரல், மிகத் தெளிவாக.