வாடகைத் தாளுக்கு ஒரு ட்ரையல்

என் அம்மா தையல்காரி. மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை, இரண்டு மெஷின், ஒரு கட்டிங் மேஜை. போன ஜூனில் அந்த அறையைப் பிடித்தபோது வீட்டுக்காரர் வாயால் சொன்னதுதான்: மாதம் நாலாயிரம், தண்ணீர் அதிலேயே சேர்த்தி, மூன்று வருடத்துக்கு ஏற்றமாட்டேன். மாடியில் குடியிருக்கும் அவருக்கு எண்பது நெருங்குகிறது. போன வாரம் அவர் மகன் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "பக்கத்துக் கடைக்காரங்க ஆறாயிரம் தர்றாங்களே" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆறாயிரம் என்றால் அம்மா காலி செய்ய வேண்டியதுதான்.

எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். எழுத்து வேலை எல்லாம் என் தலையில்தான் விழும். 'மேற்படி கட்டட உரிமையாளராகிய நான் இதன்மூலம் உறுதியளிப்பது யாதெனில்' என்று ஒரு பக்கம் எழுதி, கையெழுத்துக்குக் கோடும் போட்டு வீட்டுக்காரரிடம் நீட்டினேன்.

அவர் கண்ணாடியைக்கூட எடுக்கவில்லை. "ஏம்மா, உன் பொண்ணு என்னைக் கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறாளா? நான் சொன்னா சொன்னதுதான்."

"தெரியும்யா," என்று அம்மா என் தாளை நாலாக மடித்துக்கொண்டாள்.

மறுநாள் அளவு நோட்டிலிருந்து இரண்டு தாள் கிழித்து அவளே எழுதினாள். "நீயும் வா. ஆனா வாயைத் தைச்சுக்கிட்டு வா."

முழுதாகத் தைப்பதற்கு முன், ஊசி குத்திய துணியை மாட்டிவிட்டு ட்ரையல் பார்க்கும்போது அம்மா யாரிடமும் 'நல்லாருக்கா' என்று கேட்கமாட்டாள். 'எங்க பிடிக்குது?' என்றுதான் கேட்பாள். வீட்டுக்காரரிடமும் அப்படியே கேட்டாள்.

"ஐயா, நீங்க சொன்னதா எனக்கு ஞாபகம் இருக்கறதை எழுதியிருக்கேன். எங்க பிடிக்குது, எங்க தொளதொளங்குதுன்னு பாருங்க. உங்க மகன் வாடகையைப் பத்திப் பேசினாரு. அவருக்கு நான் சொன்னா எடுபடாது. நீங்க சொன்னது தெரியணும்."

"அவன் வந்தானா?"

"வந்தாருய்யா."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "கரண்டு எங்க? அது மீட்டர்படி தனின்னு சொன்னேனே."

"ஆமாய்யா. மாசாமாசம் கட்டுறேன், எழுத விட்டுப்போச்சு."

"மூணு வருஷம்னா என்னைக்கு முடியுது? தேதி வேணாமா? என்ன தையல்காரிம்மா நீ, ஓரம் அடிக்காம விட்டிருக்கே."

கரண்டையும் தேதியையும் அவர் கையாலேயே எழுதிச் சேர்த்தார். இரண்டாவது தாளிலும் அப்படியே. இரண்டிலும் கையெழுத்து, தேதி. ஒன்றைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "அவன்கிட்ட நானே காட்டுறேன்" என்றார்.

படியிறங்கும்போது அம்மாவிடம் இருந்த தாளை வாங்கிப் பார்த்தேன். வரிக்கு வரி இரண்டு விரல் இடம் விட்டிருந்தாள். நான் எழுதியதில் அவர் ஒரு சொல் சேர்க்கக்கூட இடமில்லை. அது ஏன் எனக்குத் தோன்றவில்லை?

கேட்கலாம் என்று திரும்பினேன். அவள் அதற்குள் மெஷினில் உட்கார்ந்திருந்தாள்.