நைனாவிடமும் ‘பூரியே வூ’

கல்லூரியில் மார்க்குக்காகத்தான் பிரெஞ்சு எடுத்தேன். தொண்ணூற்றாறு வாங்கினேன். மூன்று வருடத்தில் வாயைத் திறந்து ஒரு வாக்கியம் பேசியதில்லை.

அந்த மார்க்கைக் காட்டித்தான் கால் சென்டரில் சேர்ந்தேன். பிரான்சில் ஆன்லைனில் சாமான் வாங்குகிறவர்கள் பார்சல் வரவில்லை என்று போன் செய்வார்கள். வடசென்னைக் கல்மண்டபம் பகுதியில், எங்கள் ஒற்றை அறை வீட்டில், ஹெட்போனை மாட்டிக்கொண்டு நான் பதில் சொல்வேன். மூன்று மாதம் சோதனைக் காலம். முடிவில் என் அழைப்பு ஒன்றைக் கேட்டு மார்க் போடுவார்கள். தேறாவிட்டால் வீட்டுக்குப் போ என்பார்கள். நான் ஏற்கெனவே வீட்டில்தான் இருந்தேன் என்பது வேறு விஷயம்.

சோதனை அழைப்பில் ஒரு கிழவர் வந்தார். ஆர்டர் நம்பர் தெரியாமல் எதையும் பார்க்க முடியாது. “ஜெ வெ வோத்ர நுமெரோ” என்றேன். உங்கள் நம்பர் எனக்கு வேண்டும் என்று அர்த்தம். கடைசியில் ‘சில் வூ ப்ளே’யும் சேர்த்தேன், தயவுசெய்து என்று. அவர், “உங்களுக்கு வேண்டுமா? எனக்கும்தான் வேண்டும், என் பார்சல்!” என்று போனை வைத்துவிட்டார்.

அழைப்புகளைக் கேட்டு மார்க் போடும் மேடம் என்னைக் கூப்பிட்டார். “வாக்கியத்தில் தப்பில்லை. ஆனா அவங்க காதுக்கு அது அதட்டல். ‘ஜெ வூத்ரே’ன்னு சொல்லணும். வேணும்னு இல்ல, கிடைச்சா நல்லாருக்கும்னு. அவங்களை ஒண்ணு செய்யச் சொல்றப்போ ‘பூரியே வூ’, உங்களால முடியுமான்னு.”

எனக்குக் கோபம் வந்தது. ‘நீ’ என்றா சொன்னேன்? ‘உங்கள்’ என்றுதானே சொன்னேன்! எங்கள் தெருவில் அந்த ஒரு ‘ங்க’ போதும். “நம்பர் குடுங்க” என்றால் அதுதான் முழு மரியாதை. அதற்கு மேல் யாரும் எதிர்பார்ப்பதில்லை.

“அடுத்த வெள்ளிக்கிழமை இன்னொரு சான்ஸ். அதுதான் கடைசி” என்றார் மேடம்.

மனப்பாடம் செய்தால் பதற்றத்தில் பழைய வார்த்தைதான் முந்திக்கொண்டு வரும் என்று எனக்குத் தெரியும். அதனால் ஒரு முடிவு எடுத்தேன். அந்த வாரம் முழுக்க, தமிழிலும், யாரிடமும் ‘கொடு’, ‘வை’, ‘வேணும்’ என்று பேசுவதில்லை. மளிகைக் கடையில் “அரைக் கிலோ ரவை கிடைக்குமாங்க?” என்றேன். கடைக்காரர், “எதிர்லதானே கீது, உனுக்கு இன்னா ஆச்சு?” என்றார்.

வீட்டில் இருப்பது நானும் நைனாவும்தான். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். ஹார்பரில் லாரி ஓட்டி ஓய்ந்தவர். பகலெல்லாம் டிவி, அதுவும் தெருவுக்கே கேட்கிற மாதிரி. அழைப்பு வரும்போது நான், “நைனா, அத்த அமுக்கு!” என்று கத்துவேன். அவர், “அமுக்கிட்டேன் தாயே” என்பார். ஆறு வருடமாக, அம்மா போனதிலிருந்து, எங்கள் வீட்டுப் பேச்சு இப்படித்தான்.

அந்த வாரம் நைனாவிடம் மட்டும் அப்படிப் பேச வாய் வரவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் அழைப்பு வருவதற்குச் சற்று முன் நான் அவர் பக்கம் திரும்பி, “அப்பா, உங்களால முடிஞ்சா சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கிறீங்களா?” என்றேன்.

அவர் டிவியை நிறுத்தினார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். எனக்கு யோசிக்க நேரமில்லை, மணி அடித்துவிட்டது.

ஒரு பெண். தொட்டில் ஆர்டர் செய்திருக்கிறாள், வரவில்லை, கத்துகிறாள். “பூரியே வூ எனக்கு உங்கள் ஆர்டர் நம்பரைச் சொல்ல?” என்கிற மாதிரி பிரெஞ்சில் கேட்டேன். அவள் சொன்னாள். “உங்கள் முகவரியைச் சரிபார்க்க ஜெ வூத்ரே” என்றேன். அதையும் சொன்னாள். முடிவில் நன்றிகூடச் சொன்னாள். ஒரு மணி நேரத்தில் மேடத்திடமிருந்து செய்தி வந்தது: தேறிவிட்டாய்.

சந்தோஷத்தில் நைனாவைத் தேடி ஓடினேன். தெருமுனையில், ஐஸ் லாரியின் நிழலில், மதியச் சோறுகூடத் தின்னாமல் உட்கார்ந்திருந்தார்.

“வேலை கெட்சிச்சு நைனா” என்றேன்.

“நல்லது” என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“கோவமா?”

“கோவம் இன்னா. அப்பான்ற, வாங்க போங்கன்ற. நான் இன்னா தப்பு பண்ணேன்னு யோச்சிகினு இருந்தேன். சம்பாரிக்கிற பொண்ணு வூட்ல நாம தொந்தரவு போலன்னு வந்துட்டேன்.”

அந்தக் கிழவருக்கு என் பேச்சு அதட்டலாக இருந்தது. இவருக்கு என் பணிவு, வெளியே போ என்பதாக இருந்திருக்கிறது.

“எயுந்து வா நைனா. சோறு ஆறிப்போச்சு, வந்து துன்னு” என்றேன்.

அவர் லாரி சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். “வரேன் தாயே” என்றார்.