அத்தையை எடுத்துடுங்க

குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டை விட்டு உள்ளே திரும்பும் தெருவில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். என் பேர் தனசிங். போர்டில் என் பேர்தான் பெரிதாக இருக்கிறது. ஆனால் கடைக்குள் நுழைகிறவர்கள் என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, "ஆளைத் தூக்குற அக்கா இல்லையா?" என்று கேட்பார்கள். புதிதாக வந்த கான்ஸ்டபிள் ஒருவர் அதைக் கேட்டுவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்ததும் உண்டு.

அந்த அக்கா எப்சி. போட்டோவில் குறுக்கே நிற்கிற ஆளைத் தூக்குவது அவள் வேலை. தூக்குவது யாருக்கும் வரும். இப்போது போனிலேயே விரலால் தேய்த்தால் ஆள் காணாமல் போய்விடுகிறார். அந்த ஆளுக்குப் பின்னால் மறைந்திருந்த கை எங்கே போகும், சேலை எப்படி மடியும் என்று போனுக்கு என்ன தெரியும்? பாதி நேரம் மாப்பிள்ளையின் முழங்கையிலிருந்து நாற்காலிக் கால் முளைத்து நிற்கும். அப்புறம் அழாத குறையாக எங்களிடம் ஓடி வருவார்கள். நான் நாலு வார்த்தை திட்டுவேன். எப்சி வாங்கிச் சரிசெய்து கொடுத்துவிடுவாள்.

பம்மலிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருவாள். வந்ததும் மின்விசிறிக்கு என்னோடு ஒரு சண்டை. வேலை செய்யும்போது சர்ச்சில் பாடும் ஞானப்பாட்டு பாடுவாள். ராகம் ஒரு பக்கம் போகும், அவள் ஒரு பக்கம் போவாள். செய்த வேலையை அவளே மெச்சிக்கொள்வாள். தப்பு என்று ஒத்துக்கொண்டதாகச் சரித்திரமே கிடையாது. இத்தனைக்கும் அவள் ஒரு நாள் லீவு போட்டால் எனக்குக் கடையில் இருப்புக் கொள்ளாது.

போன மார்கழியில் ஒரு நாள் கிறிஸ்டி என்கிற பெண் எப்சியின் போனுக்கு ஒரு படமும் குரலில் ஒரு செய்தியும் அனுப்பினாள். கிறிஸ்டிக்கு நாவலூரில் ஐ.டி. வேலை. அவள் கல்யாண ஆல்பம் நாங்கள் போட்டதுதான். செய்தியை எப்சி சத்தமாக வைத்தாள்.

"அக்கா, நாளைக்கு வீட்டுல ஜெபம். இதுல அத்தையை மட்டும் எடுத்துடுங்க. சாயங்காலம் அப்பா வந்து பார்ப்பார். அவர் ஓகே சொன்னா பெரிசா பிரிண்ட் போட்டுடுங்க. நான் மீட்டிங்ல இருக்கேன், பை!"

படத்தில் கிறிஸ்டியின் அப்பா ஆபேல் சார் கோடு போட்ட சட்டையில் மர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய அக்கா ரத்தினபாய் அவரது இடப்பக்கம் கொஞ்சம் முன்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். சாரின் இடது தோள், கை, சட்டைப் பையில் பாதி, நாற்காலியின் ஒரு கைப்பிடி எல்லாம் அந்த அம்மாளின் சேலைக்குப் பின்னால் போய்விட்டன.

"அங்கிளுக்குப் பிறந்தநாள் ஜெபமா இருக்கும்," என்றாள் எப்சி. நானும் தலையாட்டினேன். எங்கள் ஆட்களுக்கு வீடு வாங்கினாலும் ஜெபம், வண்டி வாங்கினாலும் ஜெபம்.

அத்தையைத் தூக்கினாள். பிறகு சாரின் வலது கையை நகல் எடுத்து, கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பி, இடப்பக்கம் பொருத்தினாள். அப்படியே விட்டால் அசிங்கமாக இருக்கும். வெளிச்சம் வலப்பக்க ஜன்னலிலிருந்து வருகிறது. திருப்பிய கையில் வெளிச்சமும் சேர்ந்து திரும்பி, இடப்பக்கம் இன்னொரு ஜன்னல் இருப்பதாகக் காட்டும். பளபளத்த இடத்தை மங்கவைத்து, நிழல் விழ வேண்டிய இடத்தில் நிழல் தந்தாள். கோடுகளைச் சட்டை மடிப்போடு வளைத்தாள். பாதிப் பையை முழுசாக்கினாள். நாற்காலியின் கைப்பிடியையும் அந்தப் பக்கத்திலிருந்தே திருப்பி எடுத்து, மேலே கையை வைத்து, விரலுக்கு அடியில் மெல்லிய நிழல் போட்டாள். அந்த நிழல் இல்லாவிட்டால் கை மிதக்கும். கடைசியில் புதுக் கை மட்டும் மழமழவென்று தெரியாமலிருக்க, படம் முழுக்க மணல் போல இருந்த பொடிப் புள்ளிகளை அதிலும் தூவினாள்.

"பாருண்ணா, கடவுள் குடுத்த கை மாதிரியே கீது, இல்ல?"

அசல் கையேதான். கிட்டப் போய்ப் பார்த்தும் எனக்கு ஒட்டு தெரியவில்லை.

சாயங்காலம் ஆபேல் சார் வந்தார். ஆள் ரொம்ப மெலிந்திருந்தார். எப்சி பெருமையாகத் திரையை அவர் பக்கம் திருப்பினாள். சார் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தார்.

"அக்கா எங்கம்மா?"

"எடுத்தாச்சு அங்கிள். இருந்த இடமே தெரியாது!"

சார் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "அக்கா தவறிட்டாங்கம்மா. நாளைக்கு அவங்களுக்குத்தான் நினைவு ஜெபம்," என்றார்.

கிறிஸ்டி சொன்ன 'எடுத்துடுங்க'வுக்கு, அத்தையைத் தனியாகப் பிரித்தெடுங்கள் என்று அர்த்தம். தூக்கித் தூக்கியே பழகிய நாங்கள் செத்துப்போன அம்மாளைத் தூக்கிவிட்டு, உயிரோடு இருக்கிற மனுஷனை நினைவு ஜெபத்துக்குத் தயார் பண்ணி வைத்திருக்கிறோம்.

நான் எப்சியின் மேல் பாய வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன்.

"தப்பு என்னுதுதான் அங்கிள்," என்றாள். "அசல் படம் பத்திரமா இருக்கு. அத்தையைத் தனியா எடுத்துத் தர்றேன். அவங்க முழுசா முன்னாடிதான் நிக்கிறாங்க."

எப்சி ரத்தினபாய் அம்மாளைப் பிரித்தெடுத்து வெள்ளைப் பின்னணியில் நிறுத்தினாள். முகம் நன்றாகவே இருந்தது. ஆனால் நிற்பது சரியில்லை. தனியாக வைத்ததும் அந்த அம்மாள் பின்பக்கம் சாய்ந்து, இதோ விழப்போகிறார் என்பது போலிருந்தது. எப்சி படத்தைக் கொஞ்சம் சாய்த்து நேராக்கினாள். கொசுவம் கோணிக்கொண்டது. மறுபடி பழையபடி வைத்தாள்.

"ஏன் அங்கிள் இப்படி நிக்கிறாங்க?"

"என் கைம்மா," என்றார் சார். "ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த கிறிஸ்மஸ் அது. கால்ல பலமில்லை. சேர் போட்டா, நோயாளி மாதிரி உட்கார மாட்டேன்னுட்டாங்க. நான் பின்னாடி முதுகுல கையைக் குடுத்துத் தாங்கிக்கிட்டிருந்தேன். கையை எடுத்துடாதடான்னு சொல்லிக்கிட்டேதான் சிரிச்சாங்க. அது ஒண்ணுதான் அவங்க சிரிச்ச போட்டோ."

எப்சி திரையில் தான் செய்த கையைப் பார்த்தாள். நாற்காலியின் மேல் அது சும்மா கிடந்தது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான், மறைப்பானேன்.

"இடுப்புக்கு மேல மட்டும் வெட்டிடவா அங்கிள்? சாய்ஞ்சது தெரியாது."

"வேணாம்மா. இருந்தபடியே போடு."

நான்தான் குறுக்கே விழுந்தேன். "சார், நினைவு ஜெபத்துல உங்க படமும் சேர்ந்து இருந்தா நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க."

"பேசட்டும் தனசிங்."

எப்சி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பகலெல்லாம் உட்கார்ந்து செய்த கையைத் தன் கையாலேயே அழித்தாள். ஒரு வேலையையும் அழிக்க மனசு வராதவள் அவள். அசல் படத்தை அனுப்பி, பிரிண்டரில் அது வெளியே வரும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

மறுநாள் நாங்கள் இருவரும் ஆபேல் சார் வீட்டுக்குப் போயிருந்தோம். கூடத்தில் படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி எரிந்தது. நான் சொன்னது போலவே, ஜெபம் முடிந்ததும் சொந்தக்காரர் ஒருவர் ஆரம்பித்துவிட்டார்.

"இன்னா ஆபேலு, உயிரோட இருக்கிறவன் படத்தைப் போய் இங்க வச்சிகினு... உங்க அக்காவைத் தனியா வச்சிருக்கலாம்ல?"

சார் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் எப்சி எழுந்துவிட்டாள்.

"வச்சுப் பார்த்தேன் அங்கிள். அவங்களால தனியா நிக்க முடியல."