சுரீரென்று இழுத்த வலி

சலவைக்கடையில் கரண்ட் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. இஸ்திரிப் பெட்டிகள் ஆறிக் கிடந்தன. ஒன்பதாம் மாத வயிற்றோடு பின்கட்டில் உட்கார்ந்து தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருந்தவள், அடுத்த துணிக்கட்டை எடுக்க எழுந்தாள். அவ்வளவுதான். அடிவயிற்றுக்கும் கீழே, தொடை பிரியும் இடத்தில் சுரீரென்று ஒரு இழுப்பு. "ஐயோ!" என்று மேசையைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு விடுவதற்குள் வலி போயேபோய்விட்டது.

கடைக்காரம்மா ஓடி வந்தாள். "என்னடி, ஷாக்கா?"

கரண்டே இல்லாதபோது எங்கிருந்து ஷாக் அடிக்கும்? அதைத்தான் அவளும் யோசித்தாள். யோசித்தபடியே இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டாள்.

ஏனென்றால், இதே வலி அவளுக்குப் புதிதில்லை. முதல் பிள்ளையைச் சுமந்தபோதும் இதே மாதத்தில், இஸ்திரி போட்டுக்கொண்டு நின்றவளை இப்படித்தான் சுரீர் சுரீரென்று இழுத்தது. பெட்டியில் கரண்ட் கசிகிறது என்றே நினைத்தாள். அந்தப் பெட்டிக்கு வயர் மாற்றிக் கொடுத்தவன் வேறு யாருமில்லை, வயர்மேனான அவள் புருஷன்தான். அடுத்த வாரமே வயிற்றில் அசைவு நின்றது. பெண் குழந்தை, மூச்சில்லாமல் பிறந்தது. காரணம் தெரியவில்லை என்று டாக்டர் கையை விரித்தார். பெற்றவளுக்கு அது போதுமா? "நீங்க போட்ட வயர்தாங்க என் பொண்ணைக் கொன்னுடுச்சு" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே சொல்லிவிட்டாள்.

அந்த மனுஷன் நேரே கடைக்குப் போனான். பெட்டியைப் பிரித்துப் பார்த்தான், பழுதே தெரியவில்லை. தெரியாவிட்டால் இல்லையென்று ஆகிவிடுமா என்று தன்னையே கேட்டுக்கொண்டான் போலிருக்கிறது. அதோடு வயர்மேன் வேலையை விட்டான், டெஸ்டரைக் கையில் எடுக்கவில்லை, மார்க்கெட்டில் மூட்டை தூக்கப் போய்விட்டான். வீட்டில் பல்பு போனால்கூடப் பக்கத்து வீட்டுக்காரர்தான் வந்து மாட்ட வேண்டும். சாப்பாடு, தூக்கம், வாடகை எல்லாம் நடந்தது. பேச்சு மட்டும் பாதியாகிவிட்டது.

கடைக்காரம்மா ஆள் அனுப்ப, மூட்டைத் தூசியோடு அவன் ஓடி வந்து அவளைப் பிரசவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான்.

நர்ஸம்மா வாயாடி, ஆனால் கை மெத்தென்றிருந்தது. "ரத்தம் பட்டுச்சா? தண்ணி போச்சா? விட்டு விட்டு வயிறு இறுகுதா? குழந்தை எப்பவும்போல அசையுதா?" ஒவ்வொன்றாகக் கேட்டாள். வயிற்றை அமுக்கித் தலை இருக்கும் இடம் பார்த்தாள். குழந்தையின் இதயத் துடிப்பு அறை முழுக்கக் கேட்டது. டாக்டரும் வந்து சோதித்து, கர்ப்பப்பை வாய் இன்னும் மூடித்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

"பயப்படாதே. தலை கீழே இறங்கியிருக்கு. இடுப்பெலும்புக்குள்ள, கர்ப்பப்பை வாய்கிட்ட இருக்கற நரம்பை அது அழுத்துது. பாரம் ஏறினதுல தசைநாரெல்லாம் வேற இழுபட்டுக் கிடக்கு. நீ வெடுக்குனு எழுந்தா, இல்ல அது தலையைத் திருப்பினா, சுரீர்ங்கும். நொடியில போயிடும். பிரசவ வலி எடுத்துடுச்சுன்னு அர்த்தம் இல்ல. மெதுவா எழுந்திரு, ஒருக்களிச்சுப் படு. நான் கேட்டதுல ஏதாவது ஒண்ணு நடந்தா, முக்கியமா அசைவு குறைஞ்சா, உடனே வந்துடணும்."

"அப்ப இது... கரண்ட் இல்லையாம்மா? முதல் தடவை இஸ்திரிப் பெட்டியாலதான்னு..."

"அப்ப கையில ஏதாவது விறுவிறுன்னுச்சா?"

"இல்ல. கீழ மட்டுந்தான்."

"பெட்டியைப் பிடிச்ச கைக்குத் தெரியாம கரண்ட் எப்படிம்மா அங்க போகும்? அப்பவும் தலை இறங்கியிருக்கும். அந்த வலியால எந்தக் குழந்தையும் சாகாது."

கதவோரம் நின்ற புருஷன் முகத்தை அவள் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை.

வெளியே வந்து, நடைபாதையில் கொஞ்ச தூரம் நடந்ததும் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "உங்க வயர் இல்லைங்க. நான்தான் பாவி, வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். இத்தனை வருஷம் உங்களை..."

பாரம் இறங்கியதென்று அவன் சிரிப்பான் என்றா நினைத்தாள்? அவன் பூட்டிய கடையொன்றின் படியில் பொத்தென்று உட்கார்ந்தான். முகத்தைப் பொத்திக்கொண்டு, ஆஸ்பத்திரியில் அன்று அழாத அழுகையெல்லாம் அழுதான். போகிறவர் வருகிறவர் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

"என்னாலதான்னு நினைச்சப்போ ஒரு காரணமாவது இருந்துச்சு. அப்ப அவ ஏன் போனா?"

அவள் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்து, அவன் முதுகில் கை வைத்தாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவன் கேட்டான். "அன்னிக்கு உனக்கு இழுத்ததெல்லாம், அவ தலை இறங்கினதுதானா?"

"ஆமாங்க," என்றாள். "நம்மகிட்ட வரத்தான் பார்த்திருக்கா."