முப்பத்தாறாவது கட்டம்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ரப்பர் வாஷர் செய்கிற கம்பெனி ஒன்று உண்டு. அங்கே சோதனை மேஜையில் பதினோரு வருஷமாக உட்கார்ந்திருப்பவள் சுகிர்தா. ஊர் ஊத்துக்கோட்டைக்கு அப்பால் நாலு மைல். காலையில் சோறு வடித்து, டப்பாவில் அடைத்து, கம்பெனி பஸ்ஸைப் பிடித்து வருவாள். வாஷரைத் தடவிப் பார்த்தே இது நல்லது, இது பழுது என்று சொல்லிவிடுவாள். ஆனாலும் அளவுக் கருவியை வைத்துப் பார்க்காமல் ஒன்றையும் கூடையில் போடமாட்டாள். அந்தக் கருவியையும் அவள் சும்மா நம்புவது கிடையாது. ஷிப்டு தொடங்கியதும் பெட்டிக்குள் பஞ்சில் வைத்திருக்கிற மாஸ்டர் வளையத்தை எடுத்து முதலில் அதை அளப்பாள். அதன் அளவு எல்லாருக்கும் தெரியும். கருவி அதைச் சரியாகக் காட்டினால்தான் வேலை. காட்டாவிட்டால் கருவிதான் பொய் சொல்கிறது, வாஷர் இல்லை. பக்கத்து மேஜைக்காரி தமிழ்செல்வி இதையெல்லாம் பத்து நாளைக்கு ஒரு தடவை செய்தால் போதும் என்பாள். சுகிர்தா காதிலேயே வாங்கமாட்டாள்.

இவள் கதையில் பெரிய கஷ்டம் ஒன்றே ஒன்றுதான். அது சாயங்காலத்து ஷேர் ஆட்டோ.

கம்பெனிக்கு நாலு பஸ். சாயங்காலம் கேட்டுக்குள் வரிசையாக நிற்கும். கேட்டு குறுகல், வெளியே கன்டெய்னர் லாரி போக்குவரத்து, அதனால் முதலில் நிற்கிற பஸ் கிளம்பி, கடைசியில் நிற்பது கிளம்ப இருபது நிமிஷம் ஆகிவிடும். ஊத்துக்கோட்டை பஸ் எப்போதும் கடைசி. அது ஊத்துக்கோட்டை போய்ச் சேரும்போது சுகிர்தா ஊர்ப்பக்கம் போகிற லோகுவின் ஷேர் ஆட்டோ அப்போதுதான் போயிருக்கும். அதன் புகையைக்கூடப் பார்த்திருக்கிறாள். அப்புறம் என்ன, நாலு மைல் நடை. யாராவது பைக்கில் வந்தால் உண்டு.

முதலில் நிற்பது யார் என்று முன்பெல்லாம் தினமும் சண்டை. கம்பெனி ஆண்டுவிழாவில் கயிறு இழுக்கிற போட்டி வைத்து, ஜெயித்த பஸ்தான் ஒரு வருஷத்துக்கு முன்னால் நிற்கும் என்று ஏற்பாடு செய்தார்கள். ஒருத்தருக்குக் கை பிசகிப்போனது. அதிலிருந்து ஆபீஸ் அதிகாரி எபினேசர், யார் கையும் பிசகாத போட்டியாக இருக்கட்டும் என்று சுடோகு வைத்தார். பஸ்ஸுக்கு ஒருத்தர். மூன்று வருஷமாக ஜெயித்தது அத்திப்பட்டு பஸ்தான். போடுகிறவன் பாக்கியராஜ், மெஷின் ஓட்டுகிறவன். கை வேகம், வாயும் அதே வேகம்.

சுகிர்தா சுடோகு பழகியது பஸ்ஸில்தான். டிரைவர் வாங்குகிற பேப்பரில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு புது மாதிரி வரும், அதை இவள் திங்கட்கிழமை பஸ்ஸில் வாங்கிப் போடுவாள். ஒன்பது வரிசை, ஒன்பது நெடுவரிசை, மூன்றுக்கு மூன்றாக ஒன்பது பெட்டி என்பதெல்லாம் வழக்கம்போலத்தான். ஒவ்வொன்றிலும் ஒன்றிலிருந்து ஒன்பது வரை ஒரு தடவைதான் வரவேண்டும். ஆனால் சில கட்டங்கள் சாம்பல் நிறத்தில் இருக்கும். சாம்பல் கட்டத்தில் ரெட்டைப்படை எண்தான், வெள்ளைக் கட்டத்தில் ஒற்றைப்படை எண்தான். மற்றவர்கள் இதென்ன குழந்தை விளையாட்டு என்று தள்ளிவிட்டார்கள். இவளுக்கு அதுதான் பிடித்துப்போனது. வெறும் சுடோகுவில் ஒரு கட்டத்தைப் பார்த்தால் ஒன்பது எண்ணும் என்னைப் போடு என்னைப் போடு என்று நிற்கும். இதில் சாம்பல் என்று தெரிந்த உடனே ஐந்து எண் ஓடிப்போய் நாலுதான் மிச்சம், வெள்ளை என்றால் ஐந்துதான் மிச்சம். ஒரு கட்டத்துக்கு இரண்டோ மூன்றோ ஆறோ ஏழோ வரலாம் என்று வந்து நின்றால், சாம்பல் அதைப் பாதியாக வெட்டி இரண்டும் ஆறும் என்று கொடுத்துவிடும். மேலே நெடுவரிசையில் இரண்டு இருந்தால் தீர்ந்தது, ஆறு.

இந்த வருஷம் நோட்டீஸ் போர்டில் எபினேசர் ஒட்டிய தாளைப் பார்த்து ஊத்துக்கோட்டை பஸ்ஸே கூச்சல் போட்டது. ரெட்டை ஒற்றை சுடோகு என்று எழுதியிருந்தது. சாம்பல் எல்லாம் ரெட்டை, வெள்ளை எல்லாம் ஒற்றை என்று விதியும் தெளிவாகப் போட்டிருந்தது. சுகிர்தாதான் போகவேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். அவள் பேர் கொடுத்துவிட்டு வரும்போது பாக்கியராஜ் டீ மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.

"இன்னாக்கா, கலர் அடிச்ச சுடோகுவா? எங்க ஊட்டு எல்.கே.ஜி. புள்ளகூட அத்த போட்டுனு போவும்."

"கூட்டினு வா அதையும். பக்கத்துல குந்த வெச்சிக்கலாம்" என்றாள் சுகிர்தா.

போட்டி சனிக்கிழமை, கேண்டீனில், காலை நாஷ்டாவுக்கு அப்புறம். நாலு மேஜை, நாலு பேர், சுற்றி மொத்தக் கம்பெனியும். நேரம் அரை மணி. எபினேசர் தாளைக் கவிழ்த்து வைத்து மணியடித்தார். பாக்கியராஜ் தாளைத் திருப்பிய கையோடு எண் போட ஆரம்பித்துவிட்டான். சுகிர்தா பென்சிலைக் கீழே வைத்துவிட்டு விரலைத் தாளில் வைத்தாள்.

அவள் செய்தது மாஸ்டர் வளையத்தை அளக்கிற வேலைதான். ஒன்றிலிருந்து ஒன்பதுக்குள் ரெட்டை எத்தனை? இரண்டு, நாலு, ஆறு, எட்டு. நாலே நாலு. ஆக ஒவ்வொரு வரிசையிலும் நாலு சாம்பல், ஒவ்வொரு நெடுவரிசையிலும் நாலு, ஒவ்வொரு பெட்டியிலும் நாலு. மொத்தம் முப்பத்தாறு. இது மாறவே மாறாது. அவள் எண்ணினாள், முப்பத்தைந்து வந்தது. திரும்ப எண்ணினாள், அதே முப்பத்தைந்து.

பின்னால் ஊத்துக்கோட்டை பஸ்காரர்களுக்கு உயிரே போனது. மற்ற மூன்று பேரும் எழுதிக்கொண்டிருக்க, இவள் மட்டும் விரலை வைத்துத் தாளைத் தடவிக்கொண்டிருந்தாள். தமிழ்செல்வி பல்லைக் கடித்துக்கொண்டு, எழுதுடி எழுதுடி என்று முணுமுணுத்தாள்.

சுகிர்தா வரிசை வரிசையாகப் பார்த்தாள். ஏழாவது வரிசையில் மூன்றுதான். அப்புறம் நெடுவரிசை. ஐந்தாவதில் மூன்றுதான். அந்த வரிசையும் இந்த நெடுவரிசையும் வெட்டிக்கொள்கிற கட்டம் வெள்ளையாக இருந்தது. அது உட்கார்ந்திருக்கிற பெட்டி, கீழே நடுவில் இருக்கிறது, அதிலும் மூன்றுதான். மூன்று சாட்சியும் ஒரே ஆளைக் கை காட்டின. கையைத் தூக்கினாள்.

"சார், இந்தக் கட்டம் சாம்பலா இருக்கணும். நகல் எடுக்கசொல்ல வுட்டுப்போச்சி."

எபினேசருக்கு முகம் சுருங்கியது. தானே உட்கார்ந்து தயாரித்த தாள் என்று அவருக்குப் பெருமை. என் தாளில் தப்பு இருக்காது, நேரம் ஓடுகிறது என்றார். பாக்கியராஜ் தலையைத் தூக்காமலே, போடத் தெரியாதவர்கள் எல்லாம் தாளைக் குறை சொல்வார்கள் என்றான். நாலு பேர் சிரித்தார்கள்.

சுகிர்தா தாள் பக்கம் திரும்பினாள். பென்சிலை எடுத்தாள், அந்தக் கட்டத்தை மட்டும் பதமாகத் தீட்டினாள், அப்புறம் எண் போட ஆரம்பித்தாள். ஏழாவது வரிசையில் இரண்டும் நாலும் ஆறும் மற்ற மூன்று சாம்பலில் விழுந்தன. மிச்சம் எட்டு. வேறு எதையும் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, தீட்டிய கட்டத்தில் எட்டைப் போட்டாள். அது போட்டதும் பக்கத்தில் இருந்தவையெல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டன.

அந்த நேரத்தில்தான் பாக்கியராஜின் கை நின்றது. அவன் தாளில் அந்தக் கட்டம் வெள்ளை. அதனால் ஏழாவது வரிசையில் அவனுக்கு ஆறு வெள்ளைக் கட்டம். ஆனால் ஒற்றைப்படை எண் ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஐந்துதானே உலகத்தில் உண்டு? ஆறாவது கட்டத்துக்கு அவன் எங்கே போவான்? ஒரு எண்ணைப் போட்டான், அழித்தான், வேறொன்றைப் போட்டான், அழித்தான். ரப்பர் தூள் மேஜையெல்லாம் பரவியது. மற்ற இரண்டு பேரும் அதே வரிசையில் வந்து முட்டிக்கொண்டு நின்றார்கள்.

இன்னும் ஆறு நிமிஷம் இருக்கும்போது சுகிர்தா தாளை நீட்டினாள்.

ஊத்துக்கோட்டை பஸ் தட்டிய தட்டில் கேண்டீன் தட்டெல்லாம் ஆடியது. ஆனால் பாக்கியராஜ் எழுந்து நின்றான். கொடுத்த தாளில் கை வைத்து அவளாகவே ஒரு கட்டத்தைத் தீட்டியிருக்கிறாள், இது செல்லாது என்றான். கேட்கிறவர்களுக்கும் அது நியாயம் மாதிரித்தான் பட்டது. கூச்சல் அடங்கிப்போனது. சுகிர்தாவுக்கு மனசுக்குள் லோகுவின் ஆட்டோ புகை விட்டுக்கொண்டு போனது. எபினேசர் பக்கம் திரும்பினாள்.

"என்னைய நம்பாதீங்க சார். நீங்களே எண்ணுங்க. ஒரு ஒரு வரிசையா எண்ணுங்க."

எபினேசர் தீட்டாத இன்னொரு நகலை எடுத்து எண்ணினார். வாயை அசைத்து அசைத்து எண்ணினார். நாலு, நாலு, நாலு என்று வந்தது. ஏழாவது வரிசைக்கு வந்ததும் வாய் நின்றுவிட்டது. திரும்ப எண்ணினார், மூன்றுதான். அப்புறம் ஆபீஸுக்குப் போய், பைலில் இருந்த அசல் தாளை எடுத்துக்கொண்டு வந்தார். அதில் அந்தக் கட்டம் லேசான சாம்பலில் இருந்தது. மற்றதை எல்லாம் அழுத்தித் தீட்டியவர், அதைக் கடைசியில் பென்சில் மழுங்கிப்போய் லேசாகத் தீட்டியிருக்கிறார். நகல் எடுக்கிற மெஷின் அதை விழுங்கிவிட்டது. எபினேசர் நல்ல மனுஷர். இரண்டு தாளையும் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்தார்.

"தப்பு என்னுது. இந்தம்மா முதல்லயே சொன்னாங்க. அப்பவே நான் எண்ணிருக்கணும்" என்று சொல்லிவிட்டு, ஊத்துக்கோட்டை பஸ்தான் முதலில் நிற்கும் என்று அறிவித்தார்.

பாக்கியராஜ் இரண்டு தாளையும் வாங்கி, அவனும் ஒரு தடவை எண்ணிப் பார்த்தான். அவனும் கெட்டவன் இல்லை, தோற்றுப் பழக்கமில்லாதவன், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை சாயங்காலம் ஊத்துக்கோட்டை பஸ் கேட்டுக்கு நேராக மாலை போட்டுக்கொண்டு நின்றது. மாலை டிரைவர் வாங்கிப் போட்டது. சுகிர்தா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பின்னால் நின்ற அத்திப்பட்டு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து பாக்கியராஜ் ஜன்னலைத் தட்டினான்.

"எக்கா, நானுந்தான் அந்தத் தாள பாத்தேன். எனக்கு ஏன் தெரியல?"

"நீ பாத்ததும் நம்பர போட்ட நைனா. நான் எண்ணி பாத்துட்டு போட்டேன். அடுத்த வருசம் நீயும் எண்ணிடுவ, அப்ப நான் வேற இன்னாவாச்சும் பாத்தாகணும்" என்றாள்.

அவன் சிரித்துவிட்டான். டிரைவர் ஹாரன் அடித்தார். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அந்த பஸ் எல்லாருக்கும் முன்னால் கேட்டைத் தாண்டியது. உள்ளே இருந்தவர்கள் கல்யாண வேன் மாதிரி சத்தம் போட்டார்கள்.

ஊத்துக்கோட்டையில் இறங்கி ஓடினாள் சுகிர்தா. ஓட வேண்டிய அவசியமே இல்லை. லோகுவின் ஆட்டோ காலியாக நின்றுகொண்டிருந்தது. அவன் டீ குடித்துக்கொண்டிருந்தான். இவளைப் பார்த்து, இந்த நேரத்தில் எப்படி என்று கண்ணைச் சுருக்கினான்.

"குந்துக்கா. இன்னும் ஏழு பேரு வந்தாத்தான் வண்டி எடுப்பேன்."

எப்போது வருவார்கள் என்று கேட்டாள். இருபது நிமிஷம் ஆகும் என்றான்.

சுகிர்தாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வாழ்நாளில் கிடைக்காத உள்பக்க சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்தாள். பையிலிருந்து ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரை எடுத்து மடித்தாள். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, விரலை முதல் வரிசையில் வைத்து எண்ண ஆரம்பித்தாள்.