எழுத்துக் கூட்டிச் சொன்ன பேர்

பிரெஞ்சு எடுத்தா மார்க்கை அள்ளலாம்னு சொல்லித்தான் என்னை அதுல சேத்துவிட்டாங்க. எண்பதுகள்ல கொடைக்கானல்ல பிளஸ் ஒன் சேர்ந்த எங்கள்ல பாதிப் பேர் அப்படித்தான். மொழி மேல ஆசையும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. தமிழ்ப் பேப்பர்ல உயிரைக் குடுத்து எழுதினாலும் மார்க் போட மனசு வராது. பிரெஞ்சுல தப்பில்லாம எழுதினாப் போதும், கொட்டும்.

முதல் வகுப்புலயே வாத்தியார் எல்லாரையும் எந்திரிச்சு அவங்கவங்க பேரை எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னார். இங்கிலீஷ்ல இருக்கிற அதே இருபத்தாறு எழுத்துதான், ஆனா கூப்பிடுற விதம் வேற. எச்சுக்கு ஆஷ். ஒய்க்கு இ கிரெக், அதாவது கிரேக்க இ. டபிள்யூவை ரெண்டு வின்னு சொல்லணும், தூப்ள வே. வேணும்னே நம்மளைக் கவுக்கிற மாதிரி ஜீயை ஜேம்பாங்க, ஜேயை ஜிம்பாங்க. B-யும் P-யும் காதுக்கு ஒரே பே மாதிரி விழும், D-யும் T-யும் ஒரே தே. ஒண்ணை அழுத்தி, ஒண்ணை லேசாச் சொல்லணும்னார் வாத்தியார். எனக்கு அந்த வருசம் முழுக்க ரெண்டும் ஒண்ணாத்தான் வந்துச்சு.

என் முறை வந்தப்போ என் பேரைத் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடிச்சேன். குடும்பப் பேர் என்னன்னு கேட்டார். நமக்கு ஏது குடும்பப் பேர்? அப்பா பேரோட முதல் எழுத்து, பக்கத்துல ஒரு புள்ளி, அப்புறம் நம்ம பேர். "தே"ன்னு சொல்லிட்டு உக்காந்துட்டேன். மிச்ச எழுத்து எங்கன்னார். இனிஷியல் சார்னேன். அவரும் தமிழர்தானே, விட்டுட்டார்.

அந்த மிச்ச எழுத்தை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. எங்க அப்பா வடகவுஞ்சியில பிறந்தவர். அவருக்கு முன்னால பிறந்ததெல்லாம் ஒண்ணொண்ணாப் போயிருச்சு. இதுவாவது தங்கட்டும்னு, பிறந்த பிள்ளையை முறத்துல போட்டுப் பக்கத்து வீட்டுக்காரிக்குக் குடுத்து, அவ ஒரு படி தவிட்டுக்கு வாங்கின மாதிரி வாங்கி, திருப்பி வளக்கக் குடுத்திருக்காங்க. தவிட்டுக்கு வித்த பிள்ளையை எமன் தேட மாட்டானாம். தேடவும் இல்ல. ஆனா அந்தத் தவிட்டையே பேராவும் வெச்சுட்டாங்க.

அப்பா நான் படிச்ச அதே பள்ளிக்கூடத்துல தோட்டக்காரர். அதனாலதான் எனக்கு அங்க இடமே கிடைச்சுது. அப்போ இருந்த வார்டனம்மா மாடி ஜன்னலைத் தொறந்து, கீழ எங்கயோ மண்ணு வெட்டிக்கிட்டு இருக்கிறவரைப் பேரைச் சொல்லிக் கூப்பிடும். அந்தச் சத்தம் எங்க வகுப்பு வரைக்கும் வரும். "இந்தா வந்துட்டேங்க"ன்னு அப்பா துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு ஓடுறதும் தெரியும். பிள்ளைங்க வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கும். ஒருத்தி என்கிட்ட, அது மாட்டுக்குப் போடுறதா கோழிக்குப் போடுறதான்னு கேட்டா. நான் புத்தகத்தைப் பாத்துக்கிட்டு இருந்தேன். காது மட்டும் சுட்டுச்சு.

அள்ளின மார்க் என்னைக் காலேஜுக்குக் கொண்டு போச்சு, திரும்ப அதே பள்ளிக்கூடத்துக்குப் பிரெஞ்சு டீச்சராவும் கொண்டு வந்து விட்டுச்சு. வார்டனம்மா எப்பவோ ஊருக்குப் போயாச்சு. அப்பாவுக்கு வயசாகி, எல்லாரும் தாத்தான்னு கூப்பிட ஆரம்பிச்சிருந்தாங்க. அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு. அவருக்கு வீட்டுல நான் ஆத்தா, பள்ளிக்கூடத்துல டீச்சர். யாரும் சொல்லிக் குடுக்கல, அவரா வெச்சுக்கிட்ட வழக்கம். பள்ளிக்கூடத்துல அவர் என் பக்கத்துல வந்து நிக்கக்கூட மாட்டார். நானும் வாங்கன்னு சொன்னதில்ல.

பிரான்சுல ஒரு ஊர்ல, வெளிநாட்டுப் பிரெஞ்சு டீச்சருங்களுக்குக் கோடைக்கால வகுப்பு நடத்துறாங்க, டிக்கெட்டும் தங்குற செலவும் அவங்களே பாத்துக்குவாங்கன்னு தெரிஞ்சு விண்ணப்பம் போட்டேன். இது நெட் கடைகள் மலைக்கு வந்து சேர்ந்த பிறகு. ஏழு ரோட்டு முக்குக்குப் பக்கத்துல ஒரு கடையில உக்காந்துதான் மெயில் ஐடியே வாங்கினேன். கடைசிப் பேர்னு ஒரு கட்டம். அதுல ஒத்தை எழுத்தைப் போட்டா, செல்லாதுன்னு செவப்புல காட்டுது. நாலு தடவை போட்டுப் பாத்தேன். அப்புறம் அக்கம்பக்கம் யாரும் பாக்கலயேன்னு திரும்பிப் பாத்துட்டு அப்பா பேரை முழுசா அடிச்சேன். என் பேர், ஒரு புள்ளி, அப்பா பேர்னு ஐடி வந்துச்சு. யார் படிக்கப் போறான்னு நினைச்சேன்.

இடம் கிடைச்சுது. ஆனா விசாவுக்கு வேண்டிய கடிதத்தை அவங்க மெயில்ல அனுப்ப, அது போய்ச் சேராமத் திரும்பித் திரும்பி வந்திருக்கு. விண்ணப்பத்தைக் கையால எழுதி ஃபேக்ஸ்ல அனுப்பியிருந்தேன், என் கையெழுத்து அங்க எப்படிப் போய் விழுந்துச்சோ. ஒரு மத்தியானம் ஆபீஸ் ரூமுக்கு போன் வந்துருக்குன்னு என்னைக் கூப்பிட்டாங்க. பிரான்சுல இருந்து ஒரு பெண் குரல். இன்னைக்குள்ள உங்க பேரையும் மெயிலையும் சரியாக் குடுங்க, இல்லன்னா அந்த இடத்தை வரிசையில அடுத்து நிக்கிறவங்களுக்குக் குடுத்துருவோம்னு சொல்லுச்சு. மரியாதையாத்தான் சொல்லுச்சு, ஆனா முடிவாச் சொல்லுச்சு.

ரூம்ல பிரின்சிபால் இருந்தாங்க, கிளார்க் இருந்தார், கையெழுத்துப் போட வந்த ரெண்டு டீச்சர்கள். டீச்சர் பிரெஞ்சு பேசுறதைக் கேப்போம்னு நாலு பேரும் சோலியை விட்டுட்டு என்னையே பாக்குறாங்க. வெளிய வராண்டாவுல ஜெரேனியம் பூத்தொட்டிகளை வரிசையா வெச்சுக்கிட்டு அப்பா குத்தவெச்சு உக்காந்திருக்கார். ஜன்னல் தொறந்து கெடக்கு.

"குடும்பப் பேர்?"னு கேட்டுச்சு அந்தம்மா.

பழக்க தோசம், "தே"ன்னேன். அவ்வளவுதானான்னு கேட்டுச்சு. பாஸ்போர்ட்டுல இருக்கிறபடி முழுசா வேணும், எழுத்துக் கூட்டிச் சொல்லுங்கன்னுச்சு.

ஒரு நொடி பக்குன்னுச்சு. உடனே ஒரு நிம்மதியும் வந்துச்சு, அதையும் சொல்லணும். இந்த ரூம்ல யாருக்கு இந்த எழுத்தெல்லாம் புரியப்போகுது? தே, ஆஷ், ஆ, வே, இன்னு தைரியமா ஆரம்பிச்சேன். என் அப்பா பேர் எல்லார் காதுலயும் விழுந்துச்சு, ஒருத்தருக்கும் தெரியல. கிளார்க் பெருமையாத் தலையை ஆட்டிக்கிட்டு இருந்தார்.

அடுத்தது தே. அங்கதான் சிக்குச்சு. தெரேஸ்ல வர்ற தேயான்னு கேட்டுச்சு அந்தம்மா. போன்ல எழுத்து குழம்பினா அவங்க ஒரு ஆள் பேரைச் சேத்துக் கேப்பாங்க, "தே கொம் தெரேஸ்"னு. இல்ல, D-தான், "தே கொம் தெஸிரே"ன்னேன். முன்னால வந்தது பேயா வேயான்னுச்சு. "வே கொம் விக்தோர்"னேன். அதுக்குள்ள லைன்ல கரகரன்னு ஒரு இரைச்சல். நான் சொல்றதே எனக்குத் திரும்பி வருது. அலோ, அலோங்குது அந்தம்மா. நடுவுல பாதி போயிருச்சு, ஒரே ஒரு தடவை பேரை மொத்தமாச் சொல்லுங்க, சத்தமாச் சொல்லுங்க, அப்புறம் எழுத்துக்கு வருவோம்னு கத்துச்சு.

அப்பா பேரை நான் வாய்விட்டுச் சொன்னதே கிடையாது. பெத்தவரைப் பேர் சொல்றது எங்க வீட்டுல இல்ல, அது ஒண்ணு. இன்னொண்ணு என்னன்னு உங்களுக்கே தெரியும். நாலு பேரும் பாக்குறாங்க. லைன் எந்த நேரமும் அந்துபோகும் போல இருக்கு. போனா போனதுதான். ரிசீவரை வாய்க்கு ஒட்டிப் பிடிச்சுக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டு, அந்தப் பேரைக் கத்தினேன்.

"இந்தா வந்துட்டேங்க."

கண்ணைத் தொறந்தா அப்பா வாசல்ல நிக்கிறார். தலையில இருந்த துண்டு இடுப்புக்கு வந்திருக்கு. கை ரெண்டும் மண்ணு. அந்தப் பேரைச் சொல்லி ஜன்னல் வழியா யாரும் கூப்பிட்டு எத்தனையோ வருசம் ஆச்சு, ஆனா அவர் உடம்பு மறக்கல. மூச்சு வாங்குது, ஓடி வந்திருக்கார். கூப்பிட்டது யாருன்னு ஒவ்வொரு முகமாப் பாத்துக்கிட்டு வந்து, கடைசியில என்கிட்ட வந்து நின்னார்.

பிரின்சிபால் குனிஞ்சு மேசையில எதையோ தேடினாங்க. கிளார்க்குக்கு இப்பத்தான் புரிஞ்சுது, தலையாட்டுறதை நிறுத்திட்டார். அப்பா மகள்னு அங்க தெரியாதவங்க யாரும் இல்ல.

போன்ல அந்தம்மா, "மதாம்? மதாம்?"னுது. இப்போ மெயில் சொல்லுங்கங்குது. சொன்னேன். என் பேரை எழுத்தெழுத்தாச் சொல்லி, புள்ளிக்கு "ப்வேன்" சொல்லி, மறுபடியும் தே, ஆஷ், ஆ, வேன்னு அவர் பேரை அவர் முன்னாலயே ஒவ்வொண்ணாச் சொன்னேன். அப்புறம் "அரோபாஸ்". நம்ம அட்னு சொல்ற அந்தச் சுழி. கடைசியா "ப்வேன் கொம்", அதாவது டாட் காம். அப்பா என் வாயையே பாத்துக்கிட்டு நின்னார். தன்னைப் பத்தித்தான் ஏதோ சொல்றாங்கன்னு நினைச்சிருப்பார், மண்ணுக் கையைப் பின்னால கட்டிக்கிட்டார். அந்தம்மா மொத்தத்தையும் திருப்பிப் படிச்சுது. ஒரு எழுத்து தப்பில்ல. கடிதம் இன்னைக்கே வந்துரும், பிரான்சுல சந்திப்போம்னு சொல்லிட்டு வெச்சுருச்சு.

ரிசீவரை வெச்சேன்.

"என்ன சோலிங்க டீச்சர்? கூப்பிட்டீங்களே"ன்னார் அப்பா.

உங்களை இல்லப்பான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உங்க பேரைச் சொன்னாத்தான் எனக்கு அங்க இடம்னு சொல்லியிருக்கலாம். அவருக்குச் சிரிப்புக்கூட வந்திருக்கும். ஆனா நாலு பேர் பாக்குறாங்க, வெக்கம் பிடுங்கித் தின்னுது, எப்படியாவது அவரை அந்த வாசல்ல இருந்து அனுப்பினாப் போதும்னு இருந்துச்சு.

"அந்தக் கடைசித் தொட்டியைக் கொஞ்சம் வெயிலுக்கு நகத்தி வைங்க"ன்னேன்.

"சரிங்க டீச்சர்"னு போனார். ஜன்னல் வழியாப் பாத்தேன். குனிஞ்சு, ரெண்டு கையாலயும் தொட்டியைத் தூக்கி, ஒரு அடி தள்ளி வெச்சுட்டு, சரியான்னு என்னை நிமிந்து பாத்தார். அது ஏற்கெனவே வெயில்லதான் இருந்துச்சு.